"முடிச்சிடட்டுமா?" என்று கேட்காதீர்கள்

கேள்வி: மீட்டிங்கில் நான் பேச ஆரம்பித்தாலே சக ஊழியர் ஒருவர் குறுக்கே புகுந்துவிடுகிறார். சண்டை போடாமல் என் பேச்சை எப்படித் திரும்பப் பிடிப்பது?

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருந்தபோது எனக்கும் இதே பிரச்சினைதான். காலை ப்ரொடக்‌ஷன் மீட்டிங்கில், "மூணாவது லாட் ஷேடு மாறியிருக்கு" என்று சொல்லி மூச்சு வாங்குவேன். அதற்குள் ப்ரொடக்‌ஷன் பார்க்கும் அண்ணா, "டையிங்காரங்க எப்பவும் இப்படித்தான்" என்று தொடங்கிவிடுவார். பேச்சு சாயப்பட்டறைக்குப் போய்விடும். கட்டிங்கை நிறுத்துவதா வேண்டாமா என்ற என் கேள்வி அப்படியே நிற்கும்.

நான் எங்கே நிறுத்துகிறேன் என்று கவனித்த பிறகுதான் காரணம் புரிந்தது. உரையாடலில் பேசும் வாய்ப்பு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எப்படி மாறுகிறது என்று சாக்ஸ், ஷெக்லாஃப், ஜெஃபர்சன் என்ற உரையாடல் ஆய்வாளர்கள் மூவரும் 1974-ல் எழுதிய ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. ஒருவர் பேச்சு எங்கே முடியும் என்பதைக் கேட்பவர் முன்கூட்டியே கணித்து, அந்த இடத்தில்தான் நுழைகிறார் என்கிறார்கள். தமிழில் அந்த இடம் பெரும்பாலும் வினைமுற்று. "மாறியிருக்கு" என்று முடித்தால் கதவைத் திறந்து வைத்த மாதிரி. அதனால் வினைமுற்று வருவதற்கு முன்பே மூச்சு வாங்கப் பழகினேன்: "மூணாவது லாட் ஷேடு மாறியிருக்கிறதால... கட்டிங்குக்குக் கொடுக்கிறதுக்கு முன்னாடி... பையருக்கு ஒரு ஸ்வாட்ச் துணி அனுப்பி ஓகே வாங்கணும்." நடுவில் நின்றாலும் வாக்கியம் முடியவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். குறுக்கீட்டில் பாதி இதிலேயே குறைந்தது.

அப்படியும் புகுந்தால் குரலை உயர்த்தாதீர்கள். இருவரும் ஒரே நேரத்தில் பேசினால் யார் சொன்னதும் யார் காதிலும் விழாது. அவருடைய வாக்கியம் முடியும்வரை விடுங்கள், அவர் வினைமுற்றுக்கு வந்ததும் உள்ளே போங்கள். முதலில் அவரைக் கூப்பிட வேண்டும், ஏனென்றால் தன்னைக் கூப்பிட்டால் யாரும் ஒரு நொடி நிற்பார்கள். "அண்ணா, டையிங் விஷயத்தை அடுத்து எடுத்துக்கலாம். ஷேடு பத்தி முடிச்சிடறேன். பையருக்கு ஸ்வாட்ச் அனுப்பணும்னு சொல்லிட்டிருந்தேன்..." என்று விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். அவர் எழுப்பிய விஷயத்துக்கும் இடம் கொடுத்துவிட்டதால் அவர் முகமும் வாடாது.

நான் பல மாதம் செய்த தப்பு, "முடிச்சிடட்டுமா?" என்று கேட்டது. அது கேள்வி. "ஒரு நிமிஷம்மா" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போவார். "முடிச்சிடறேன்" என்றால் அனுமதி கேட்டதாகவும் இல்லை, மரியாதையும் குறையவில்லை. "சாரி" என்று தொடங்குவதும் வேண்டாம், தப்பு உங்களுடையது ஆகிவிடும்.

குறுக்கிடுபவர் முதலாளி என்றால் இது அவ்வளவாகப் பலிக்காது. மீட்டிங்குக்கு முன்பே அவரிடம், "எனக்கு ஒரு முடிவு வேணும் சார், ரெண்டு நிமிஷம் கொடுங்க" என்று சொல்லி வையுங்கள்.

இன்னொன்று, குறுக்கே வருவது என்ன என்பதையும் காதில் வாங்குங்கள். ஒருநாள் அந்த அண்ணா என்னை வெட்டிச் சொன்னது, "அந்த லாட் காலையிலேயே கட்டிங் டேபிள்ல ஏறிடுச்சும்மா." நான் அத்தோடு பேச்சை விட்டுவிட்டு கட்டிங் ஹாலுக்கு ஓடினேன்.