ஆறு மாதம் ஓடாத காருக்கு முழு பிரீமியம் கட்ட வேண்டுமா?

கேள்வி: அக்டோபர் முதல் மார்ச் வரை மகள் வீட்டுக்கு அமெரிக்கா போகிறோம். கார் வேளச்சேரி வீட்டு ஷெட்டில்தான் நிற்கும். முழு காப்பீட்டு பாலிசி மே வரை இருக்கிறது. ஓடாத மாதங்களுக்குப் பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: ரொக்கமாகக் கிடைக்காது, கழிவாகக் கிடைக்க வழி உண்டு. இந்தியன் மோட்டார் டாரிஃப் என்ற விதித்தொகுப்பில் ஐ.எம்.டி. 11 என்ற எண்டார்ஸ்மென்ட், அதாவது பாலிசியோடு இணைக்கும் மாற்றக் குறிப்பு, இதற்காகவே இருக்கிறது. வாடிக்கையாளர் சேவை எண்ணில் கேட்டால் பெரும்பாலும் விழிப்பார்கள். கிளை அலுவலகத்துக்கு எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். எல்லா நிறுவனங்களும் தருவதில்லை என்பதால் பயணத்துக்கு முன்பே பதிலை வாங்கிவிடுங்கள். ஊர் திரும்பிய பிறகு "வண்டி ஓடவே இல்லை" என்று சொல்லிப் பயனில்லை.

வண்டி கொட்டகையில் நிற்கும் காலத்துக்கு நிறுவனம் தன் பொறுப்பை நிறுத்திவைக்கிறது. தீ, மின்னல், திருட்டு, கலவரம், புயல், வெள்ளம், நிலநடுக்கம் போன்றவற்றால் காருக்கு நேரும் சேதம் மட்டும் பாதுகாப்பில் தொடரும். வேளச்சேரிக்காரரான உங்களுக்கு இந்தப் பட்டியலில் முக்கியமான சொல் வெள்ளம்தான். நீங்கள் போவதே வடகிழக்குப் பருவமழைக் காலத்தில். கையில் தரும் தாளில் அந்தச் சொல் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். தீயும் திருட்டும் மட்டும் இருந்தால் கையெழுத்திட வேண்டாம்.

இனி கணக்கு. 1,197 சிசி கார் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் நபர் பிரீமியம் 2022 ஜூனில் நிர்ணயித்தபடி 3,416 ரூபாய். நோ கிளைம் போனஸ் கழித்த சொந்த சேதப் பிரீமியம் 5,000 என்றால் ஆண்டுக்கு 8,416. ஆறு மாதத்துக்கு 4,208. இதிலிருந்து, தொடரும் பாதுகாப்புக்கான பங்கை நிறுவனம் எடுத்துக்கொள்ளும். அது சொந்த சேதப் பிரீமியத்தில் பாதி என்று கொண்டால் ஆறு மாதத்துக்கு 1,250. மீதி 2,958 ரூபாயை, ஜி.எஸ்.டி. நீங்கலாக, அடுத்த புதுப்பிப்பில் கழிப்பார்கள். அல்லது கூடுதலாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு பாலிசியின் முடிவுத் தேதியைத் தள்ளிவைப்பார்கள். முதல் வழியில், கழித்த பிறகு நிற்கும் தொகையில்தான் நோ கிளைம் போனஸைக் கணக்கிடுவார்கள் என்பதால், கையில் மிஞ்சுவது 2,958-ஐவிடக் குறைவாகவே இருக்கும்.

அந்தச் சில ஆயிரத்துக்கு ஈடாக நீங்கள் விட்டுக்கொடுப்பது மூன்றாம் நபர் காப்பீட்டை. பேட்டரி இறங்கிவிடும் என்று வாரம் ஒருமுறை காரை எடுத்துத் தெருமுனை வரை ஓட்டிவர உறவுக்காரப் பையனிடம் சாவி கொடுத்துப் போவது நம் வழக்கம். நிறுத்திவைத்த காலத்தில் அந்தத் தெருமுனையில் ஒருவரை இடித்தால் இழப்பீடு முழுவதும் உங்கள் தலையில் விழும். பொது இடத்தில் காப்பீடின்றி ஓட்டிய குற்றத்துக்கு முதல் முறை 2,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ தனி. எனவே யாராவது காரை எடுப்பார்கள் என்ற சந்தேகம் இருந்தாலே இந்த எண்டார்ஸ்மென்ட் வேண்டாம் என்பேன். யாரும் தொடமாட்டார்கள் என்றால் வாங்குங்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனை ஒயரைக் கழற்றிவைத்து, சாவியைப் பூட்டிவிட்டுப் போங்கள். வெள்ளம் புகுந்தால் யாரும் ஸ்டார்ட் செய்து பார்க்கக் கூடாது என்று பக்கத்து வீட்டில் சொல்லிவையுங்கள். தண்ணீர் புகுந்த எஞ்சினை முடுக்கியதால் வரும் சேதத்துக்குப் பணம் தர நிறுவனங்கள் மறுப்பது வழக்கம்.

இந்த எண்டார்ஸ்மென்டில் இரண்டு வகை உண்டு. 11ஏ-யில் தொடக்கமும் முடிவும் தேதியோடு எழுதப்படும். மார்ச் 31 என்று எழுதிவிட்டு மார்ச் 20-ஆம் தேதியே வந்து காரை எடுத்தால் 31 வரையிலான அந்த நாள்களில் காப்பீடு இல்லை. 11பி-யில் திரும்பும் தேதி இருக்காது. நீங்கள் தெரிவித்ததும் 11சி மூலம் முடித்துக் கழிவைக் கணக்கிடுவார்கள். பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்களின் விமான டிக்கெட் மாறாமல் இருப்பது அபூர்வம். 11பி கேளுங்கள்.

காரின் மேல் கடன் இருந்தால் வங்கியின் சம்மதம் தேவைப்படலாம். பயணம் மே மாதத்தையும் தாண்டி நீண்டால் அங்கிருந்தே இணையத்தில் புதுப்பித்துவிடுங்கள். பாலிசி காலாவதியாகி 90 நாள் கடந்தால், சேர்த்துவைத்த நோ கிளைம் போனஸ் முழுவதும் போய்விடும்.