நடுவில் கீறினால் ஓடும், மூலை உரிந்தால் நிற்கும்

"குன்னூரில் வர்க்கி கடை. ஒரு க்யூஆர் ஸ்டிக்கர் நடுவில் கீறியும் ஸ்கேன் ஆகிறது. இன்னொன்றில் ஈரத்தில் ஒரு மூலைச் சதுரம் மட்டும் உரிந்தது, ஆகவில்லை. ஏன்?"

மூன்று மூலைச் சதுரங்களை வைத்துத்தான் கேமரா குறியீட்டையே கண்டுபிடிக்கும். ஒன்று போனாலும் பல செயலிகள் படிக்கவே தொடங்காது.

நடுப்பகுதி வேறு கதை. அங்கே எட்டு சின்னக் கட்டங்கள் சேர்ந்து ஓர் எழுத்து மாதிரி. ஒரு பக்கத்துக்கு 29 கட்டமுள்ள குறியீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். M என்ற திருத்த நிலையில் அதிலுள்ள 70 எழுத்துகளில் 44 தான் தகவல். மீதி 26 அதிலிருந்து கணக்கிட்டுச் சேர்த்தவை. ஒரு பிழையைத் தேடித் திருத்த இவற்றில் இரண்டு செலவாகும். ஆக 13 எழுத்து கெட்டாலும் மீண்டுவிடும், பதினான்காவதில் கைவிரிக்கும். மூலைச் சதுரத்துக்கு இந்தக் காப்பு கிடையாது.

புதிதாக அச்சடித்து லேமினேட் செய்துவிடுங்கள். இந்த மலை ஈரத்துக்கு வெறும் காகிதம் தாங்காது. சுற்றியுள்ள வெள்ளை ஓரத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள், அப்புறம் புதியதும் ஸ்கேன் ஆகாமல் போகலாம்.