மொட்டைத் தலைக்கு ஏற்ற தாடி: கிருதாவில் ஆரம்பியுங்கள்

கேள்வி: வயது 35. ஓரத்தில் மட்டும்தான் முடி மிச்சம் இருந்தது, அதனால் முழுவதும் வழித்து மொட்டையாக்கிவிட்டேன். வட்ட முகம். தாடி அடர்த்தியாக வளர்கிறது, ஆனால் வளர வளர முகம் இன்னும் பெருத்துத் தெரிகிறது. எவ்வளவு நீளம் வைக்கலாம், கோடு எங்கே போடலாம்?

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊர்ப் பக்கம் சலூன் வைத்திருக்கிறேன். தலை போய்த் தாடி மிஞ்சியவர்கள் அடிக்கடி வருவார்கள். நெற்றியில் முடியை உதிர்க்கும் அதே ஹார்மோன்தான் முகத்தில் தாடியைத் தடிமனாக்குகிறது என்பதால், உங்களைப் போன்ற அமைப்பு ரொம்பவும் சகஜம்.

நீளம் எவ்வளவு என்பதைச் சற்று நேரம் ஒதுக்கி வையுங்கள். முதலில் கண்ணாடியில் காதுக்கு முன்னால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். தலையில் முடி இருப்பவருக்குத் தாடி மேலே ஏறி, கிருதாவாகி, தலைமுடியோடு போய்க் கலந்துவிடும். எங்கே முடிகிறது என்ற கேள்வியே எழாது. மொட்டைத் தலையில் கலப்பதற்கு ஒன்றும் இல்லை. அடர்ந்த தாடி காதோரம் வரை வந்து வழவழப்பான தோலில் சட்டென்று நின்றால், ஹெல்மெட் வாரை மாட்டிக்கொண்டு ஹெல்மெட்டை மறந்துவிட்ட மாதிரி இருக்கும். பலர் இதைச் சரிசெய்யத் தாடியை இன்னும் வளர்ப்பார்கள். வளர்க்க வளர்க்க அந்த வெட்டு இன்னும் பளிச்சென்று தெரியும். அங்கே தேவை நீளம் இல்லை, தாடி கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்து தோலில் கரைய வேண்டும். சலூனில் இதை ஃபேட் என்று சொல்வோம்.

உங்கள் முகத்தைப் போலவே வட்ட முகம் கொண்ட ஒரு வாடிக்கையாளருக்குச் செய்ததைச் சொல்கிறேன். விசைப்படகு இன்ஜின் வேலை பார்ப்பவர். மோவாயிலும் கன்னத்திலும் ஒரே அளவாக 2 செ.மீ. தாடி. தலை பளபளவென்று இருக்கும், ரேசரால் வழித்தது. நேராகப் பார்த்தால் தலையை விடத் தாடைப் பக்கம் அகலமாகத் தெரிந்தது. "குறைச்சிட்டா சின்னப் பையன் மாதிரி ஆயிருவேன்ணே" என்பது அவருடைய கவலை. மோவாயில் கை வைக்கமாட்டேன், பக்கவாட்டில் மட்டும்தான் எடுப்பேன் என்று சொல்லித்தான் உட்கார வைத்தேன்.

தாடியைக் கழுவி, நன்றாக உலரவிட்டு, கீழ்நோக்கிச் சீவினேன். ஈரத்தில் வெட்டவே கூடாது. ஈர முடி நீண்டு நிற்கும், காய்ந்ததும் சுருங்கி நினைத்ததை விடக் குட்டையாகிவிடும். காதிலிருந்து தாடை முனை வரை முதலில் டிரிம்மரில் 10 மி.மீ. சீப்பை, அதாவது கார்டைப் போட்டு, முடி வளரும் திசையிலேயே ஓட்டினேன். பிறகு அதே இடத்தில் 6 மி.மீ. கார்டு போட்டேன். எதிர்த் திசையில் ஓட்டினால் ஒரே கார்டே இன்னும் குட்டையாக வெட்டும், ஆகவே முதல் தடவை எப்போதும் முடியின் போக்கில்தான். தாடை முனையிலிருந்து மோவாய்ப் பக்கம் வரவர 10, பிறகு 13 என்று ஏற்றிக்கொண்டு போனேன். மோவாயின் அடியில் கார்டே போடவில்லை. சீப்பைப் பிடித்துக் கத்தரியால் முனைகளை மட்டும் ஒழுங்கு செய்தேன். அங்கே 2 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவாக நின்றது.

அப்புறம் கிருதா. காதுத் துளை இருக்கும் மட்டத்திலிருந்து, காதின் மேல்பகுதி தலையோடு சேரும் இடம் வரைதான் நமக்குக் கிடைக்கும் இடம், ஏறக்குறைய 3 செ.மீ. அதை மூன்று பட்டையாகப் பிரித்தேன், ஒவ்வொன்றும் சுண்டுவிரல் அகலம். கீழ்ப் பட்டையில் 3 மி.மீ., நடுவில் 1.5, மேலே கார்டு இல்லாமல் வெறும் டிரிம்மர். அதற்கு மேல் ரேசர். ஒரு பட்டையும் அடுத்ததும் சேரும் இடத்தில் டிரிம்மரை மேலே ஏற்றும்போதே வெளியே சுண்டி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் படிக்கட்டு விழும். படி விழுந்ததா என்று அறிய நேர் வெளிச்சம் உதவாது. ஒரு பக்கமாக ஜன்னல் வெளிச்சம் விழும்படி நின்று பாருங்கள், கறுப்புக் கோடு இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும்.

எழுந்து நின்றபோது அவர் முகம் கீழ்நோக்கி நீண்டு தெரிந்தது. மோவாயில் அவருக்குக் குறைந்தது சில மில்லிமீட்டர்கள்தான்.

இதிலிருந்து உங்களுக்கான அளவு விளங்கும். நேராகப் பார்க்கும்போது காதுக்கு மேலே தலை எவ்வளவு அகலமோ, தாடி அந்த அகலத்தைத் தாண்டக் கூடாது. வட்ட முகத்துக்குப் பக்கவாட்டில் 3 முதல் 6 மி.மீ., மோவாயில் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு. நீள முகக்காரர் இதை அப்படியே பின்பற்றினால் முகம் இன்னும் நீண்டுவிடும். அவருக்குப் பக்கம் 10 மி.மீ. போல நிறைவாகவும், மோவாய் அதே அளவிலும் இருப்பது நல்லது. கன்னத்தில் திட்டுத் திட்டாக வளர்பவர்கள் முழுத் தாடியையும் 3 மி.மீ.க்குக் கொண்டுவந்தால் இடைவெளி கண்ணை உறுத்தாது.

அளவு பார்க்க செல்ஃபியை நம்பாதீர்கள். கையெட்டும் தூரத்தில் எடுத்தால் மூக்கும் கன்னமும் பெரிதாகி, காதும் தலையின் பக்கங்களும் பின்வாங்கிவிடும். வேறொருவரை இரண்டு மீட்டர் தள்ளி நிற்கச் சொல்லி, உங்கள் கண் மட்டத்தில் போனைப் பிடித்து ஒரு படம் நேராக, ஒரு படம் பக்கவாட்டில் எடுக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, தலையை எத்தனை நாளுக்கு ஒருமுறை வழிக்கிறீர்கள்? ஓரத்தில் முடி மிச்சம் இருந்தது என்கிறீர்கள். அந்த வளையத்தில் இரண்டாம் நாளே நிழல் தட்ட ஆரம்பிக்கும், உச்சியில் தட்டாது. தினமும் ரேசர் போடுபவராக இருந்தால் ஃபேட் மேலே சொன்னபடி தோலில் முடியட்டும். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறைதான் என்றால் ரேசரை விட்டுவிட்டு, தலையைக் கார்டு இல்லாத டிரிம்மரால் ஒட்ட வெட்டுங்கள். கிருதாவின் மேல் பட்டையும் ஓரத்து நிழலும் ஒரே அளவில் இருப்பதால் தாடி தானாகவே தலையோடு சேர்ந்து நிற்கும். பளபளப்பு போய்விடும், ஆனால் நான்கு நாளும் ஒரே மாதிரி இருக்கும். என்னைக் கேட்டால் கடலோர வெயிலில் வேலை செய்பவருக்கு இதுதான் வசதி.

கோட்டுக்கு வருவோம். கன்னத்துக் கோட்டில் பெரிதாக வேலை இல்லை. இயற்கையாக முடி நிற்கும் எல்லைக்கு மேலே சிதறிய முடியை மட்டும் எடுங்கள். கிருதாவிலிருந்து வாயோரம் வரை ஏறக்குறைய நேராக வரட்டும். வட்ட முகத்தில் இந்தக் கோட்டை ரொம்பக் கீழே இறக்கினால் வெறும் கன்னத்தின் பரப்பு கூடி, நீங்கள் சொல்லும் அந்தப் பெருத்த தோற்றம்தான் வரும்.

கழுத்துக் கோட்டில்தான் பலர் சறுக்குகிறார்கள். தாடை எலும்பு ஓடும் விளிம்பிலேயே கோடு போட்டுவிடுவார்கள். கண்ணாடி முன் நிமிர்ந்து நிற்கும்போது அழகாக இருக்கும். குனிந்தால், சிரித்தால், பக்கவாட்டில் திரும்பினால் தாடிக்குக் கீழே சதை தனியாகத் தொங்கும். தலையிலும் முடி இல்லாததால் பார்ப்பவர் கண் நேராக அங்கேதான் போகும். குரல்வளை மேட்டுக்கு மேலே இரண்டு விரலைக் குறுக்காக வையுங்கள். மேல் விரலின் விளிம்புதான் கோட்டின் அடிப்புள்ளி. அங்கிருந்து இரண்டு பக்கமும் வளைவாக ஏறி, காது மடலுக்குப் பின்னால் போய் முடிய வேண்டும். அதற்குக் கீழே ரேசரை எதிர்த் திசையில் அழுத்தி இழுக்காதீர்கள். சுருட்டை முடி உள்ளே வளர்ந்து சிவப்புச் சிவப்பாகக் கொப்புளம் கிளம்பும். டிரிம்மர் போதும்.

நம் பக்கத்து வெயிலால் வரும் ஒரு சங்கடம் உண்டு. மண்டபம், பாம்பன், தொண்டி என்று வெளியே வேலை செய்பவர்களுக்குத் தாடிக்கு அடியில் இருக்கும் தோல் வெளுத்தும் கன்னம் கறுத்தும் இருக்கும். பல மாதம் ஒரே கோட்டில் வைத்திருந்துவிட்டு ஒரே நாளில் அரை அங்குலம் மாற்றினால் வெள்ளைப் பட்டை தெரியும். கோட்டை மாற்றுவதானால் வாரம் ஒரு தடவை இரண்டு மூன்று மில்லிமீட்டராக நகர்த்துங்கள். புதிதாக வழித்த தலையும் அப்படித்தான், முகத்தை விட வெளுப்பாக நின்று கொஞ்ச நாள் தாடியை இன்னும் இருட்டாகக் காட்டும். நிறம் சேரட்டும் என்று தலையை வெயிலில் காயவைக்க வேண்டாம். எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்க்ரீன் தடவுங்கள், வெளியே இருக்கும்வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும், வியர்த்து வழிந்தால் அதற்கு முன்பே.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் நீளத் தாடி ஒரு பக்கமாகச் சாய்ந்து, உப்புப் படிந்து விறைத்துவிடும். சாயந்திரம் வெறும் தண்ணீரில் அலசி, இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவிச் சீவினால் வடிவம் நிற்கும். ஒரு பிடிக்குக் குறையாமல் தாடி வைக்கும் வழக்கம் உள்ள பாய்மார்கள் கீழக்கரையிலிருந்து வருவார்கள். அவர்களுக்குத் தாடியில் கை வைக்காமல், தலையை மட்டும் கார்டு இல்லாத டிரிம்மரில் ஓட்டி, நிழலைத் தாடியோடு சேர்த்துவிடுவேன். அதுவே போதுமானதாக இருக்கும்.

வீட்டிலேயே செய்வதானால் எண்ணில் கவனம். சலூன் மெஷினில் 1 என்றால் 3 மி.மீ., 2 என்றால் 6, 3 என்றால் ஏறக்குறைய 10, 4 என்றால் 13. வீட்டு டிரிம்மர்கள் பலவற்றில் 3 என்றால் நேராக 3 மி.மீ.தான். கடையில் "மூணாம் நம்பர்" போட்டார்கள் என்று வீட்டிலும் 3 வைத்தால் முக்கால்வாசித் தாடி தரையில் கிடக்கும். கடையில் சொல்லும்போதும் எண்ணை விட்டுவிட்டு மில்லிமீட்டரில் சொல்லுங்கள்.

முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளரும். பக்கத்தில் 6 மி.மீ. வைத்தால் பத்தே நாளில் 9 ஆகி, முகம் மறுபடி அகலமாகிவிடும். பக்கத்தையும் கிருதாவையும் வாரம் ஒருமுறை பாருங்கள். மோவாய்க்கு மாதம் ஒரு தடவை கத்தரி போதும்.