புல் கால் ஸ்பிரெட்: செலவு 9, லாபம் 11, இடையில் சில சிக்கல்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பல புல் கால் ஸ்பிரெட் என்ற ஒரே உத்தியைச் சுற்றியே இருந்தன. ஆகவே எல்லாவற்றுக்கும் ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்கிறேன். பங்கின் விலை 502. ஆப்ஷன் காலாவதியாகும் நாளான எக்ஸ்பைரிக்கு ஏறக்குறைய ஒரு மாதம் இருக்கிறது. 500 ஸ்ட்ரைக் கால் ஆப்ஷனை, அதாவது பங்கை 500-க்கு வாங்கும் உரிமையை, 18 கொடுத்து வாங்குகிறோம். அதே எக்ஸ்பைரியின் 520 கால் ஆப்ஷனை 9-க்கு விற்கிறோம். எண்கள் எல்லாம் ஒரு பங்குக்கானவை. ஒரு லாட்டில் 100 பங்குகள் என்றால் 100 ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: செலவு, அதிகபட்ச லாபம், அதிகபட்ச நஷ்டம், லாபமும் நஷ்டமும் இல்லாத பிரேக்ஈவன் விலை ஆகிய நான்கையும் தனித்தனிச் சூத்திரமாக மனப்பாடம் செய்ய வேண்டுமா?

வேண்டாம். ஒரு கழித்தல் போதும். கொடுத்த 18-இல் வந்த 9 போக, நம் கையிலிருந்து போனது 9. அதுதான் செலவு. பங்கு 500-க்குக் கீழே முடிந்தால் இரண்டு ஆப்ஷன்களும் மதிப்பிழக்கின்றன. போவது அந்த 9 மட்டுமே. ஆக, செலவும் அதிகபட்ச நஷ்டமும் ஒன்றே.

பங்கு 520-ஐத் தாண்டினால், நாம் வாங்கிய ஆப்ஷன் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவும் விற்ற ஆப்ஷனில் போய்விடும். எனவே இந்த ஜோடி எக்ஸ்பைரியில் பெறக்கூடிய உச்ச மதிப்பு, இரு ஸ்ட்ரைக்குகளுக்கும் இடையிலான 20. போட்ட 9 போக மீதம் 11. அதுவே அதிகபட்ச லாபம். பிரேக்ஈவன் 500 + 9 = 509.

பலர் பிரேக்ஈவனை இன்றைய விலையான 502-உடன் கூட்டி 511 என்று எழுதிவிடுகிறார்கள். இன்றைய விலைக்கு இந்தக் கணக்கில் வேலையே இல்லை. கூட்ட வேண்டியது கீழ் ஸ்ட்ரைக்குடன். சரிபார்க்க எளிய வழி: அதிகபட்ச லாபத்தையும் அதிகபட்ச நஷ்டத்தையும் கூட்டினால் ஸ்ட்ரைக் இடைவெளி வர வேண்டும். 11 + 9 = 20.

கேள்வி: பங்கு 507-இல் முடிந்தது. ஏறும் என்று சொன்னேன், ஏறியது. ஆனாலும் நஷ்டமா?

ஆம், 2 நஷ்டம். ஆப்ஷன் 7 பெறும். நீங்கள் போட்டது 9.

கேள்வி: இரண்டே வாரத்தில் பங்கு 525-க்குப் போய்விட்டது. மேல் ஸ்ட்ரைக்கைத் தாண்டியும் என் கணக்கில் 11 லாபம் வரவில்லை. 5 மட்டுமே காட்டுகிறது. ஏதாவது தவறா?

தவறு எதுவும் இல்லை. மேலே சொன்ன எண்கள் எல்லாம் எக்ஸ்பைரி நாளுக்கானவை. இன்னும் இரண்டு வாரம் மிச்சமிருக்கையில் உங்கள் 500 கால் ஏறக்குறைய 28.50-க்கும், விற்ற 520 கால் 14.50-க்கும் நிற்கக்கூடும். வித்தியாசம் 14; போட்ட 9 போக 5.

520 காலின் 14.50-ஐப் பிரித்துப் பாருங்கள். பங்கு 525-இல் இருப்பதால் 5 உண்மை மதிப்பு, மீதி 9.50 காலத்துக்கான விலை. 500 காலிலோ 25 உண்மை மதிப்பு போக 3.50 மட்டுமே காலத்துக்கானது. அதாவது, விற்ற ஆப்ஷனில் ஒட்டிக்கொண்டிருக்கும் கால மதிப்புதான் உங்கள் மீதி லாபத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. பங்கு 520-க்கு மேலேயே நின்றால் அது நாளாக ஆகக் கரைந்து உங்களிடம் வந்து சேரும்.

இப்போதே வெளியேறுவதா, காத்திருப்பதா? காத்திருந்தால் கிடைக்கக்கூடியது இன்னொரு 6. பங்கு திரும்பி 500-க்குக் கீழே விழுந்தால் இழப்பது இப்போதுள்ள 14 முழுவதும். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்து முடிவெடுங்கள். விரைவான பெரிய ஏற்றத்தை எதிர்பார்ப்பவருக்கு இந்த உத்தி பொருந்தாது என்பது என் கருத்து. மெதுவாக ஏறும் பங்குக்கே இது ஏற்றது.

கேள்வி: அப்படியானால் 520-ஐ விற்காமல் 500 காலை மட்டும் வாங்கியிருக்கலாமே?

எக்ஸ்பைரியில் பங்கு எந்த விலைக்கு மேல் போனால் தனி கால் முந்தும் என்று பாருங்கள். விற்ற ஸ்ட்ரைக்குடன், அதை விற்றதற்குக் கிடைத்த விலையான பிரீமியத்தைக் கூட்டுங்கள்: 520 + 9 = 529. அந்த விலையில் தனி காலின் லாபம் 29 − 18 = 11; ஸ்பிரெட்டின் லாபமும் 11. அதற்குக் கீழே எந்த விலையிலும் ஸ்பிரெட்டே மேல். 529-க்கு மேல் போகும் என்று உண்மையாகவே நம்புகிறவர் மட்டும் 520-ஐ விற்றதற்காக வருந்தலாம்.

கேள்வி: திரையில் 18-ம் 9-ம் காட்டியது. ஆனால் எனக்குச் செலவு 10 ஆகிவிட்டது. ஏன்?

நீங்கள் பார்த்தது கடைசியாக வர்த்தகமான விலை. 500 காலை வாங்க 18.50 கேட்டிருப்பார்கள்; 520 காலுக்கு 8.50-தான் தருவதாக இருந்திருப்பார்கள். செலவு 10 என்றதும் அதிகபட்ச லாபமும் 10 ஆகிறது, பிரேக்ஈவன் 510-க்கு நகர்கிறது. வெளியேறும்போதும் இதே தேய்மானம் உண்டு. தரகு அதற்கு மேல். இரண்டு ஆர்டர்களாகத் தனித்தனியே போடாமல், தரகர் வசதி தந்தால் நிகர விலை குறிப்பிட்டு ஒரே ஸ்பிரெட் ஆர்டராகப் போடுங்கள்.

கேள்வி: 9-க்கு மேல் நஷ்டமே வராது என்று உறுதியாக நம்பலாமா?

இரண்டு ஆப்ஷன்களும் சேர்ந்து இருக்கும் வரை நம்பலாம். பணமாகவே தீர்வாகும் குறியீட்டு ஆப்ஷன்களில் பெரும்பாலும் கவலை இல்லை. பங்கே கைமாறும் ஆப்ஷன்களில்தான் சிக்கல்.

பங்கு எக்ஸ்பைரியில் 507-இல் முடிகிறது என்று வையுங்கள். விற்ற 520 கால் செத்துவிடும். வாங்கிய 500 கால் தானாகவே செயல்படுத்தப்பட்டால், 100 பங்குகளை 500 வீதம் நீங்கள் வாங்கியாக வேண்டும்; 900 போட்ட இடத்தில் 50,000 தேவைப்படுகிறது. மறுநாள் பங்கு 485-இல் திறந்தால், பங்கில் 15, பிரீமியத்தில் 9, ஆக 24 நஷ்டம். இரு ஸ்ட்ரைக்குகளுக்கு நடுவே விலை நிற்கும்போது எக்ஸ்பைரிக்கு முன்பே இரண்டையும் சேர்த்து முடித்துவிடுவது நல்லது.

முடிக்கும்போது, வாங்கியதை முதலில் விற்றுவிட்டு மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று விடாதீர்கள். அந்த இடைவெளியில் உங்களிடம் மிஞ்சுவது பாதுகாப்பில்லாத விற்ற கால். அதன் நஷ்டத்துக்கு உச்ச வரம்பு கிடையாது.

டிவிடெண்டும் லாபத்தைக் கடித்துவிடும். எக்ஸ்பைரிக்கு முன்பே செயல்படுத்தக்கூடிய அமெரிக்க வகை ஆப்ஷன் என்றால், பங்கை வாங்குபவருக்கு டிவிடெண்ட் கிடைக்காமல் போகும் எக்ஸ்-டிவிடெண்ட் தேதிக்கு முந்தைய நாள் உங்கள் 520 காலை வாங்கியவர் அதைச் செயல்படுத்திவிடலாம். அப்போது அவருக்குப் பங்கைக் கொடுத்தவர் என்ற முறையில் டிவிடெண்டையும் நீங்களே கட்ட வேண்டும். டிவிடெண்ட் 6 என்றால், மறுநாள் உங்கள் 500 காலைச் செயல்படுத்திப் பங்கை ஈடுகட்டினாலும் கையில் நிற்பது 11 அல்ல, 5. விற்ற காலில் மிச்சமிருக்கும் கால மதிப்பு டிவிடெண்டைவிடக் குறைந்துவிட்டதா என்று அந்தத் தேதிக்கு முன் பாருங்கள். குறைந்திருந்தால் அன்றே முடித்துவிடுங்கள்.