குழந்தை தூக்கிவாரிப் போடுவது பயத்தாலா?

கேள்வி: மகனுக்கு ஆறு வாரம். தொட்டிலில் போடும்போது கைகளை விரித்துத் தூக்கிவாரிப் போட்டு அழுகிறான். மாமியார் மந்திரிக்கச் சொல்கிறார். தட்டு விழுந்தாலும் துள்ளுகிறான், அதனால் காது நன்றாகக் கேட்கிறது என்கிறார் கணவர். கண் சில நேரம் மாறுகண்போல் தெரிகிறது. பார்வை சரிதானா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: இது பயந்த கோளாறு இல்லை. தலைக்கு இருந்த பிடி சட்டென்று விலகினால் பச்சைக் குழந்தையின் இரண்டு கைகளும் விரியும், விரல்கள் திறக்கும், அப்புறம் கட்டிப்பிடிப்பதுபோல் உள்ளே மடங்கும். இதற்கு மோரோ அனிச்சைச் செயல் என்று பெயர். ஸ்பிரிங் தொட்டிலில் போடும்போது தலை சற்றுப் பின்னால் தொங்கினாலே போதும், இது வந்துவிடும். முதலில் இடுப்பைக் கிடத்தி, தலையைக் கடைசியாக இறக்குங்கள். நெஞ்சின் மேல் கையைக் கொஞ்ச நேரம் வைத்திருங்கள்.

ஒரு கை மட்டும் எழாவிட்டால் காட்ட வேண்டும். பிரசவத்தில் தோள் நரம்போ காறையெலும்போ அடிபட்டிருக்கலாம். மோரோ நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் மறைந்துவிடும். அதற்குப் பதிலாக மூன்று மாதத்துக்குப் பிறகு, தூங்கி எழும்போது சில விநாடிகளுக்கு ஒருமுறை அடுத்தடுத்து உடம்பு வெட்டி மடங்கினால், அது ஒருவகை வலிப்பாக இருக்கக்கூடும். கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

கண்ணைப் பற்றி இப்போது கவலை வேண்டாம். இந்த வயதில் 20 முதல் 30 செ.மீ. தூரம்தான் ஓரளவு தெளிவாகத் தெரியும். பால் குடிக்கும்போது உங்கள் முகம் இருக்கும் தூரம் அது. இரண்டு கண்ணும் சேர்ந்து இயங்கப் பழகும்வரை அவ்வப்போது மாறுகண் தெரியும். நான்கு மாதத்துக்குப் பிறகும் அது தொடர்ந்தாலோ, எப்போதுமே ஒரு கண் விலகி நின்றாலோ, கண்பாவை வெண்மையாகத் தெரிந்தாலோ காட்டுங்கள். வெண்மை என்றால் ஒரு நாளும் தள்ளாதீர்கள்.

நான் உங்களை அவசரப்படுத்துவது காதுக்காகத்தான். தட்டு விழுந்து துள்ளுவதை வைத்துச் செவித்திறனைச் சொல்ல முடியாது. தரை அதிர்வுக்கும் குழந்தை துள்ளும். சில குழந்தைகளுக்குத் தடித்த ஒலிகள் கேட்கும், 'ச', 'ஸ' போன்ற மெல்லிய ஒலிகள் கேட்காது. "லோரி போனால் துள்ளுவானே டாக்டர்" என்று சொல்லியே ஒரு குடும்பம் ஒன்றேகால் வயதுவரை காத்திருந்தது. பேச்சு வராததால்தான் பிறகு அழைத்து வந்தார்கள். பேச்சுக்கான மூளைப் பாதைகள் பதியும் மாதங்கள் அதற்குள் கடந்துவிட்டிருந்தன.

பிறந்தபோது காதில் சிறு கருவி வைத்துச் சோதித்தார்களா என்று குழந்தையின் கிளினிக் புத்தகத்தில் பாருங்கள். எல்லாக் குழந்தைக்கும் அது நடந்துவிடுவதில்லை. பதிவு இல்லையென்றால் அடுத்த தடுப்பூசி வரை காத்திராமல் இந்த வாரமே மிஸ்ஸியிடம் கேட்டு நாள் வாங்குங்கள். குறை இருந்தால் மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்து, ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் தொடங்கிவிட வேண்டும். மஞ்சள் காமாலைக்காக இரத்தம் மாற்றியிருந்தாலோ, உறவில் யாருக்காவது சிறு வயதிலிருந்தே காது கேட்காவிட்டாலோ, அதை மறக்காமல் சொல்லுங்கள்.