வீட்டில் சுகமா என்றால் "லாஃபியா லாவ்"

"கோவையில் ஒரு பம்ப் செட் நிறுவனத்தில் சர்வீஸ் இன்ஜினீயராக இருக்கிறேன். அடுத்த மாதம் நைஜீரியாவில் முதலில் கானோ, பிறகு இபாதான் போகிறேன். அங்கே பார்த்தவுடன் வீடு, குடும்பம், வேலை என்று வரிசையாக விசாரிப்பார்களாம். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, அப்பாவுக்கு வேறு உடம்பு சரியில்லை. உண்மையைச் சொல்வதா, சும்மா 'நல்லா இருக்கோம்' என்பதா?"
– வாசகர், கோவை

'நல்லா இருக்கோம்' என்றே சொல்லுங்கள். அது பொய்யாகாது. கேட்பவரும் அந்த நேரத்தில் விவரம் எதிர்பார்ப்பதில்லை. அப்பாவின் விஷயத்தை எப்போது சொல்வது என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

கானோவில் பேச்சு ஹவுசா மொழியில் இருக்கும். காலை எட்டு மணிக்கு சைட்டுக்குப் போகிறீர்கள், வாசலில் வயதான காவலாளி. அவர் கேட்கும்வரை காத்திருக்காமல், சிறியவரான நீங்களே "இனா க்வானா?" என்று ஆரம்பியுங்கள். இரவு நன்றாகக் கழிந்ததா என்று அர்த்தம். மதியத்துக்கு மேல் என்றால் "இனா வுனி?". அவர் "லாஃபியா லாவ்" என்பார், சுகம்தான் என்று. அப்புறம் அவர் முறை. "இனா கஜியா?" என்று களைப்பை விசாரிப்பார் (இந்த 'க'வை கணபதியில் வருவது போலச் சொல்ல வேண்டும்). "பா கஜியா", களைப்பே இல்லை என்பது பதில். முந்தின நாள் பன்னிரண்டு மணி நேரம் பயணம் செய்து இடுப்பு ஒடிந்திருந்தாலும் பதில் இதுதான். "இனா இயாலி?" என்றால் குடும்பம் எப்படி. "லாஃபியா லாவ்". "இனா ஐக்கி?" என்றால் வேலை எப்படி. "ஐக்கி டா கோடியா", கடவுளுக்கு நன்றி, வேலை நடக்கிறது என்பது போல (கோடியாவின் 'கோ' கோபாலில் வருவது).

பதில் சொன்னதோடு நின்றுவிடாதீர்கள். அவர் கேட்டதையே நீங்களும் திருப்பிக் கேட்க வேண்டும். கேள்வியை வாங்கிக்கொண்டு பேசாமல் நிற்பவரைத்தான் அங்கே விறைப்பான ஆள் என்பார்கள். இரண்டு மூன்று சுற்று போனதும் அவர் "தோ, மடல்லா" என்று இழுப்பார். சரி, நல்லது என்று அர்த்தம். விசாரிப்பு முடிந்தது. பம்ப் ரூம் சாவியை அதற்குப் பிறகு கேளுங்கள்.

ஆண்களிடம் மனைவியைப் பற்றித் தனியாக விசாரிக்க வேண்டாம். 'இயாலி'யில் எல்லோரும் அடக்கம். பெண்களிடம் நீங்களாகக் கை நீட்டாதீர்கள். இடது கையை யாரிடமும் நீட்டாதீர்கள், அது நம் ஊரிலும் உள்ளதுதான்.

இபாதானில் யொரூபா. இங்கே கேள்விகளை விட மரியாதைதான் முதலில் கவனிக்கப்படும். காலையில் பெரியவர் உங்களிடம் வெறும் "காரோ" என்பார். நீங்கள் "எ காரோ, சா" என்றுதான் சொல்ல வேண்டும்; பெண் என்றால் கடைசியில் "மா". முன்னால் வரும் அந்த 'எ'யை விட்டுவிட்டால் பெரியவரை 'வாடா' என்று கூப்பிட்ட மாதிரி. இளைஞர்கள் பெரியவர்கள் முன் தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுவதும், பெண்கள் மண்டியிடுவதும் அவர்கள் மரபு. வெளியூர்க்காரர் லேசாகக் குனிந்தாலே போதும்.

"இலே ங்கோ?" என்றால் வீடு எப்படி. "ஒமோ ங்கோ?" பிள்ளைகள். "இஷே ங்கோ?" வேலை. மூன்றுக்கும் "அ டுப்பே" பொருந்தும், நன்றி சொல்கிறோம் என்று. வேலையில் இருப்பவரைத் தாண்டிப் போனால், முன்பின் தெரியாதவராக இருந்தாலும் "எ கூ இஷே" சொல்லிவிட்டுப் போவார்கள். நீங்கள் மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருக்கும்போது நாள் முழுக்க இது காதில் விழும். கையை நிறுத்த வேண்டியதில்லை, நிமிர்ந்து "எ ஷே" என்றால் போதும், நன்றி என்று. ராகம் மாறினால் யொரூபாவில் அர்த்தம் மாறும் என்பது உண்மைதான். ஆனால் வணக்கம் சொல்லும் இடத்தில் சொன்னால் வணக்கமாகத்தான் புரிந்துகொள்வார்கள், பயப்படாதீர்கள்.

கல்யாண விஷயம் கட்டாயம் வரும். சிரித்துக்கொண்டு இன்னும் இல்லை என்று ஆங்கிலத்திலேயே சொல்லலாம். உடனே சீக்கிரம் நடக்கட்டும் என்று வாழ்த்துவார்கள். இரண்டு ஊரிலும் அதற்குப் பதில் "ஆமின்". கூச்சப்பட்டு விளக்கம் கொடுக்க ஆரம்பித்தால் பேச்சு வேறு எங்கோ போய்விடும்.

அப்பாவைப் பற்றி, விசாரிப்பெல்லாம் முடிந்து உட்கார்ந்த பிறகு, கொஞ்சம் பழகியவரிடம் சொல்லுங்கள். அதற்கும் பிரார்த்தனை வரும், அதற்கும் "ஆமின்". மறுநாளிலிருந்து அவர் "அப்பா எப்படி" என்று தனியாகக் கேட்பார். அந்தக் கேள்விக்கு மட்டும் உள்ளதைச் சொல்லலாம்.

போனிலும் இதே வரிசைதான். ஸ்பேர் பார்ட்ஸ் வந்ததா என்று எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள்.