மேட்டில் நின்றுவிடும் மின்சார ஸ்கூட்டர்: எந்த பேட்டரி பழுது?

கேள்வி: நான் பெட்ரோல் வண்டி மெக்கானிக். சுற்றுவட்டாரத்தில் மின்சார ஸ்கூட்டர் பார்க்க ஆள் இல்லாததால் என்னிடம் கொண்டுவருகிறார்கள். ‘மேடு ஏறும்போது நின்றுவிடுகிறது, கொஞ்ச நேரம் விட்டால் ஓடுகிறது’ என்கிறார்கள். பேட்டரி செட்டையே மாற்றச் சொல்லிவிடலாமா?

பதில்: சொல்லாதீர்கள். முதலில் மெயின் ஸ்டாண்ட் போட்டு பின்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். பிரேக் பிடித்துக்கொண்டிருந்தாலோ டயரில் காற்று குறைந்திருந்தாலோ மோட்டார் கூடுதல் கரண்ட் இழுக்கும். பேட்டரி கனெக்டர் உருகியோ கருகியோ இருக்கிறதா என்றும் பாருங்கள். இவை சரியாக இருந்தால்தான் பேட்டரிக்குப் போக வேண்டும்.

லெட் ஆசிட் பேட்டரி உள்ள 60 வோல்ட் வண்டியில் 12 வோல்ட் பேட்டரிகள் ஐந்து, தொடராக இணைந்திருக்கும். ஒன்றுக்கு 10.5 வீதம், மொத்தம் 52.5 வோல்ட் அளவுக்கு இறங்கியதும் கண்ட்ரோலர் மோட்டாரை நிறுத்திவிடும் என்று வைத்துக்கொள்வோம். மேட்டில் நான்கு பேட்டரிகள் 11.6 காட்ட, பழுதான ஒன்று மட்டும் 6 வோல்ட்டுக்கு விழுந்தால் மொத்தம் 52.4. வண்டி நின்றுவிடும். சுமை நீங்கியதும் அந்த பேட்டரி மறுபடி 12-ஐத் தொடும், வண்டியும் கிளம்பும். சும்மா நிற்கும் வண்டியில் மீட்டர் வைத்தால் எல்லாம் நன்றாகத் தெரிவது இதனால்தான்.

ஆகவே சுமை கொடுத்துப் பாருங்கள். இரவு முழுக்க சார்ஜ் போட்டு, சார்ஜரைக் கழற்றி இரண்டு மணி நேரம் விடுங்கள். மோதிரம், வாட்ச்சைக் கழற்றிவிட்டு மெயின் எம்சிபியை ஆஃப் செய்யுங்கள். ஸ்பேனரின் கைப்பிடிக்கு இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்க வேண்டும். 12 வோல்ட், 100/90 வாட் ஹெட்லைட் பல்பின் 100 வாட் இழையை ஒரு பேட்டரியின் இரு முனைகளிலும் கொடுங்கள். ஏறக்குறைய 8 ஆம்பியர் இழுக்கும். பல்ப் கடுமையாகச் சூடாகும், பிளாஸ்டிக் பாகத்தில் படாமல் வையுங்கள். 15 நிமிடம் எரியவிட்டு, எரியும்போதே அளவெடுங்கள். 20 ஆம்பியர்-அவர் பேட்டரி நல்லதாக இருந்தால் 12-க்கு மேல் நிற்கும். 11-க்குக் கீழே போனது பழுது. ஐந்தையும் தனித்தனியே இப்படிப் பார்த்து, பேட்டரி மேலேயே எண்ணை எழுதிவிடுங்கள். வாடிக்கையாளரிடம் காட்ட இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

ஸ்டாண்டில் வைத்து பிரேக் பிடித்தபடி ஆக்ஸிலரேட்டரைத் திருகிச் சோதிக்கலாமே என்று தோன்றும். பிரேக் லீவரில் உள்ள சுவிட்ச் மோட்டாரை நிறுத்திவிடும், சுமை ஏறவே ஏறாது.

செட் புதிது, ஒன்று மட்டும் போயிருக்கிறது என்றால் அதே ஆம்பியர்-அவர், அதே வகையில் ஒன்று மாற்றினால் போதும். ஒரு வருடத்துக்கு மேல் ஓடிய செட்டில் ஒரு புதியதைச் சேர்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சார்ஜர் மொத்த வோல்ட்டைத்தான் பார்க்கிறது. கொள்ளளவு குறைந்த பழையவை முதலில் நிரம்பிச் சூடாகும், புதியது அரைகுறையாக நிற்கும்.

லித்தியம் பேட்டரியில் இந்தச் சோதனை வேண்டாம், பெட்டியைத் திறக்கவும் வேண்டாம். பிரேக், டயர், பேரிங், வெளிக் கனெக்டர் வரை நீங்கள் பார்க்கலாம். மற்றதை நிறுவன சர்வீஸுக்கு அனுப்புங்கள்.

சோதனைக்கு வண்டி ஓர் இரவு கடையில் தங்க வேண்டும். அதுவரை மாற்று வண்டியை வாடகைக்குத் தர நினைத்தால், வாடகை அனுமதியும் அதற்கான காப்பீடும் வாங்கிய பிறகே சாவியைக் கொடுங்கள்.